எஸ்பிஎம் பாட வீடியோ: 1080p, ஒன்றரை மணி நேரம் என்றால் எத்தனை ஜிபி வேண்டும்? கார்டா, ஹார்ட் டிஸ்க்கா?

லயத்துவீடு:
வணக்கம். நாங்கள் பீடோங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகன் படிவம் 5. நான்கு பாடத்துக்கு இணையவழி டியூஷன் போகிறான். வீட்டில் லைன் சரியாகக் கிடைக்காது என்பதால் வகுப்பை நேரலையில் பார்க்க முடிவதில்லை. ஆசிரியர்கள் பதிவை கூகுள் டிரைவில் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பீடோங்கில் என் நாத்தனார் வீட்டுக்குப் போய் அவர்கள் வைஃபையில் இறக்கிக்கொண்டு வருகிறோம்.

மகனிடம் இருப்பது என் பழைய கைப்பேசி. 64 ஜிபி, அதில் 11 ஜிபிதான் காலி. இரண்டாவது சிம் போடும் இடத்தில்தான் கார்டும் போட வேண்டும். எங்களுக்கு இரண்டு சிம்மும் வேண்டும். தோட்டத்துக்குள் ஒரு கம்பெனி லைன்தான் எடுக்கும், மற்றது பள்ளியிலும் வங்கியிலும் கொடுத்திருக்கும் எண்.

இன்னும் 24 வாரம் இருக்கிறது. வாரத்துக்கு ஒவ்வொரு பாடத்திலும் ஒரு வகுப்பு. எல்லாமே 1080p என்று மகன் சொல்கிறான். மூன்று பாடம் 90 நிமிடம், கூடுதல் கணிதம் மட்டும் 75 நிமிடம். மொத்தம் எத்தனை ஜிபி ஆகும்? கார்டு வாங்குவதா, ஹார்ட் டிஸ்க் வாங்குவதா?

இன்னொன்று. வீட்டில் 32 ஜிபி கார்டு ஒன்று சும்மா கிடந்தது. போன வாரம் நாத்தனார் லேப்டாப்பில் போட்டு காப்பி செய்து பார்த்தோம். கூடுதல் கணித வீடியோ மட்டும் ஏறவில்லை. 28 ஜிபி காலியாக இருந்தும் கோப்பு பெரியது என்று சொல்கிறது. கார்டு கெட்டுவிட்டதா?

கணக்குப்பிள்ளை:
அக்கா, இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 720p என்றால் ஏறக்குறைய விநாடிக்கு 2.5 மெகாபிட், அதாவது 2.5 எம்பிபிஎஸ், 1080p என்றால் 5, 4K என்றால் 15க்கு மேல். ஒரு எம்பிபிஎஸ் என்பது நிமிடத்துக்கு 7.5 எம்பி. அப்படியானால் 1080p நிமிடத்துக்கு 37.5 எம்பி.

உங்களுக்கு மூன்று பாடம், 24 வாரம், 90 நிமிடம்: 6,480 நிமிடம். கூடுதல் கணிதம் 1,800 நிமிடம். மொத்தம் 8,280 நிமிடம். பெருக்கினால் 310 ஜிபி வருகிறது. கைப்பேசியில் இது அடங்காது, கார்டிலும் வேண்டாம். 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடுங்கள். அந்தப் பழைய கார்டு கெட்டுப்போனது, தூக்கிப் போடுங்கள்.

தைப்பிங் மகள்:
நானும் இதே மாதிரி செய்து ஏமாந்தேன். அம்மாவுக்காக ஒரு படம் பார்க்கும் செயலியில் 20 படம் இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் மாற்றி, தோட்டத்து வீட்டு டிவியில் செருகினேன். ஒன்றுகூட ஓடவில்லை. கோப்பு இருக்கிறது, ஆனால் அது வீடியோ என்றே டிவிக்குத் தெரியவில்லை. அதனால் ஹார்ட் டிஸ்க் வாங்கும் முன் யோசியுங்கள் அக்கா. 310 ஜிபி வாங்கிவிட்டு ஓடாமல் போனால் காசு வீண்.

எஸ்பி பட்டறை:
நான் சுங்கை பட்டாணியில் லேப்டாப், கைப்பேசி பழுதுபார்க்கிறேன். முதலில் அக்காவுக்கு: கார்டைத் தூக்கிப் போடாதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தைப்பிங் தங்கச்சி, உங்களுடையது வேறு விஷயம். செயலிக்குள் இறக்கியது பூட்டிய கோப்பு. அந்தச் செயலியைத் தவிர வேறெதுவும் அதைத் திறக்காது, நாளானால் காலாவதியும் ஆகிவிடும். ஹார்ட் டிஸ்க் மேல் தப்பில்லை. லயத்துவீடு அக்கா இறக்குவது சாதாரண MP4 கோப்பு. அது கார்டிலும் ஓடும், டிஸ்க்கிலும் ஓடும்.

அக்கா, எனக்கு ஒரே ஒரு தகவல் வேண்டும். நான்கு பாடத்திலும் ஒவ்வொரு கோப்பை எடுத்து, அதன் அளவு எத்தனை எம்பி என்று பார்த்துச் சொல்லுங்கள். டிரைவிலேயே கோப்பின் விவரத்தில் எழுதியிருக்கும், இறக்க வேண்டியதில்லை.

லயத்துவீடு:
மகனைப் பார்க்கச் சொன்னேன். இயற்பியல் 270 எம்பி, வேதியியல் 265, வரலாறு 280. கூடுதல் கணிதம் 9.6 ஜிபி. அவன் தப்பாகப் பார்த்துவிட்டான் என்று நினைத்து நானும் பார்த்தேன், 9.6தான்.

எஸ்பி பட்டறை:
தப்பில்லை அக்கா. இதைத்தான் எதிர்பார்த்தேன்.

நான்குமே 1080p. நீளமும் அதிகம் வித்தியாசமில்லை. ஆனால் இயற்பியல் நிமிடத்துக்கு 3 எம்பி, கூடுதல் கணிதம் நிமிடத்துக்கு 128 எம்பி. நாற்பது மடங்குக்கு மேல்! 1080p என்பது படத்தில் எத்தனை புள்ளி என்பதை மட்டும்தான் சொல்கிறது. அந்தப் புள்ளிகளை எழுதி வைக்க விநாடிக்கு எவ்வளவு இடம் செலவழித்தார்கள் என்பதைச் சொல்வது பிட்ரேட். கோப்பின் அளவைத் தீர்மானிப்பது அதுதான்.

முதல் மூன்று ஆசிரியர்களும் திரையில் ஸ்லைடு காட்டி, அந்தத் திரையையே பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு ஸ்லைடு இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கும். முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் மாற்றம் இல்லையென்றால் எழுதி வைக்க ஒன்றும் இல்லை. அதனால் கோப்பு சின்னது. கூடுதல் கணித ஆசிரியர் கைப்பேசியை ஸ்டாண்டில் நிறுத்தி வெள்ளைப் பலகையைப் படம் பிடித்திருப்பார். கைப்பேசி கேமரா எதைப் பிடிக்கிறோம் என்று பார்ப்பதில்லை. கல்யாண வீட்டுக் கூட்டமானாலும் வெறும் பலகையானாலும் விநாடிக்கு 17 மெகாபிட் என்ற கணக்கில் எழுதிக்கொண்டே போகும். அவர் கோப்பை வகுத்துப் பாருங்கள், சரியாக 17தான் வருகிறது.

இப்போது உங்கள் கணக்கு. ஒரு வாரத்துக்கு மூன்று பாடமும் சேர்ந்து 815 எம்பி, 24 வாரத்துக்கு 19.5 ஜிபி. கூடுதல் கணிதம் 24 தடவை 9.6, அது 230 ஜிபி. மொத்தம் 250.

கார்டு விஷயம். 4 ஜிபியிலிருந்து 32 ஜிபி வரைக்கும் உள்ள கார்டுகள் FAT32 என்ற அமைப்பில்தான் வரும். அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. 28 ஜிபி காலி இருந்தாலும் 9.6 ஜிபி கோப்பு ஏறாது. லேப்டாப் சொன்னது உண்மைதான், கோப்புதான் பெரியது. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் exFAT அமைப்பில் வரும், அங்கே இந்தத் தடை இல்லை. உங்கள் கார்டையும் exFAT ஆக மாற்றலாம், ஆனால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். சில பழைய டிவிகள் exFAT படிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:
கார்டு விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணே, என் கணக்கில் 310, உங்கள் கணக்கில் 250. பெரிய வித்தியாசம் இல்லையே. 1 டிபி டிஸ்க் என்ற முடிவு மாறவில்லை.

எஸ்பி பட்டறை:
தம்பி, மொத்தம் கிட்டத்தட்ட ஒத்துப்போனது தற்செயல். உங்கள் கணக்கில் ஸ்லைடு பாடங்களுக்கு 243 ஜிபி, உண்மையில் 19.5. கூடுதல் கணிதத்துக்கு உங்கள் கணக்கில் 67, உண்மையில் 230. இரண்டு தப்பும் எதிரெதிர்ப் பக்கம் போய்ச் சமமாகிவிட்டன. அந்த ஆசிரியரும் ஸ்லைடுக்கு மாறினால் 310 எங்கே, 25 எங்கே?

உங்கள் அட்டவணையை நான் குறை சொல்லவில்லை. படம், நாடகம் மாதிரி விஷயத்துக்கு, அதுவும் கையில் கோப்பே இல்லாதபோது, ஒரு மதிப்பு போட அது உதவும். கோப்பு கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது அதன் அளவை நிமிடத்தால் வகுப்பதுதான் சரி. ஒரே ஒரு கோப்பை வைத்து முடிவு பண்ணாமல், எடுக்கும் விதம் எத்தனை வகையோ அத்தனைக்கும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும்.

பெரிய மோட்டார்:
ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொல்பவர்கள் தோட்டத்துச் சாலையைப் பார்த்ததுண்டா? நான் இரண்டு வருடம் பையில் போட்டு மோட்டாரில் கொண்டுபோனேன். ஒரு நாள் செம்மண் பாதையில் பள்ளத்தில் விழுந்தேன். அன்றிலிருந்து டிக் டிக் என்று சத்தம், லேப்டாப் அதை அடையாளம் காண்பதே இல்லை. உள்ளே என் தங்கை கல்யாணம் முழுக்க இருந்தது.

அதற்குப் பிறகு பசார் மாலாமில் 25 ரிங்கிட்டுக்கு 1 டிபி கார்டு வாங்கினேன். கைப்பேசி 1 டிபி என்றுதான் காட்டியது. முதலில் போட்ட வீடியோக்கள் ஓடின. பிறகு போட்டவை பெயர் இருக்கும், திறந்தால் கறுப்பாக நிற்கும். இது ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எஸ்பி பட்டறை:
அண்ணே, அந்தக் கார்டு போலி. உள்ளே இருப்பது 16 ஜிபியோ 32 ஜிபியோ. வெளியே 1 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றியிருக்கிறார்கள். உண்மையான இடம் நிறைந்த பிறகு எழுதுவது எல்லாம் காணாமல் போகும், அல்லது பழையதன் மேல் ஏறும். கோப்பின் பெயரும் அளவும் பட்டியலில் இருப்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. விண்டோசில் H2testw என்ற சின்ன நிரல் இருக்கிறது. கார்டு முழுவதையும் நிரப்பி, எழுதியதை மறுபடி வாசித்து ஒப்பிடும். எந்தக் கார்டு வாங்கினாலும் பாட வீடியோ போடும் முன் இதை ஓட்டுங்கள். பெரிய கார்டுக்குப் பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். அளவு கொஞ்சம் குறைத்துக் காட்டினால் பயப்படாதீர்கள். 64 ஜிபி கார்டை விண்டோஸ் 59.6 என்று காட்டும், அது எண்ணும் முறையில் உள்ள வித்தியாசம்.

டிஸ்க் விழுந்த விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. சுழலும் தட்டு உள்ள டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டினாலே போதும். அது வீட்டு மேசையில் இருக்க வேண்டிய சாமான். இன்னொரு தொல்லை, பழைய கைப்பேசியில் அதைச் செருகினால் பல நேரம் மின்சாரம் போதாது. விளக்கு எரியும், வட்டு சுற்ற ஆரம்பிக்கும், உடனே அறுந்துவிடும். அதனால் மகன் கைக்கு அது ஆகாது.

லயத்துவீடு:
அப்படியானால் 256 ஜிபி கார்டு வாங்கினால் போதுமா? ஆனால் சிம் போய்விடுமே.

எஸ்பி பட்டறை:
அக்கா, 230 ஜிபியை அப்படியே சுமக்க வேண்டிய அவசியமே இல்லை. பலகைக்கு அந்த 17 மெகாபிட் தேவையில்லை. நாத்தனார் லேப்டாப்பில் கோப்பைச் சுருக்கிவிடுங்கள். எப்படியும் லேப்டாப்பில்தான் இறக்க வேண்டும். 11 ஜிபி காலி உள்ள கைப்பேசியில் 9.6 ஜிபி கோப்பை இறக்கினால் கைப்பேசியே திணறும். ffmpeg என்ற இலவச நிரலை லேப்டாப்பில் போட்டு, இந்த ஒரு வரி:

```
ffmpeg -i kelas.mp4 -c:v libx264 -crf 26 -r 15 -c:a aac -b:a 96k kecil.mp4
```

kelas.mp4 ஆசிரியர் கோப்பு, kecil.mp4 புதிதாக வரும் சின்னக் கோப்பு. 26 என்பது தரம். எண்ணைக் கூட்டினால் கோப்பு சிறியதாகும், எழுத்து மங்கும். 15 என்பது விநாடிக்கு எத்தனை படம் என்பது. ஒருவர் நின்று எழுதுவதற்கு 15 போதும்.

கணக்குப்பிள்ளை:
இவ்வளவு எதற்கு? 480pக்கு மாற்றிவிட்டால் தானாகச் சின்னதாகிவிடும். கைப்பேசித் திரையும் சின்னதுதானே.

குளிம் டீச்சர்:
நான் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன், என் வகுப்பையும் பலகையில்தான் பதிவு செய்கிறேன். தயவுசெய்து 480p வேண்டாம். ஆரம்பத்தில் அப்படித்தான் அனுப்பினேன். x-க்கு மேலே இருக்கும் அடுக்குக்குறி 2-ஆ 3-ஆ என்று மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு பையன் அந்தக் குறியைத் தப்பாக எழுதிக்கொண்டு முழுக் கணக்கையும் தப்பாகப் போட்டிருந்தான். பலகை முழுவதும் ஒரே படத்தில் தெரியும்படி எடுப்பதால் ஒவ்வொரு எழுத்துக்கும் கிடைக்கும் புள்ளி குறைவு. புள்ளியைக் குறைத்தால் முதலில் போவது சின்ன எழுத்துதான். பட்டறைக்காரர் சொல்வதுபோல் புள்ளியை அப்படியே விட்டுவிட்டு பிட்ரேட்டைக் குறைப்பதே நல்லது.

இன்னொரு வழி, ஆசிரியரிடமே கேட்பது. பலகைக்குக் கொஞ்சம் கிட்டே வைத்து 720pயில் பதிவு செய்தால் அவருக்கும் ஏற்றுவது சுலபம். 9.6 ஜிபி ஏற்றுவதற்கு அவரும் பாடுபட்டுக்கொண்டுதான் இருப்பார்.

லயத்துவீடு:
சாரிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது டீச்சர். மற்றப் பிள்ளைகள் யாரும் குறை சொல்லவில்லை. ஞாயிறு சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

லயத்துவீடு:
செய்து பார்த்தோம். 9.6 ஜிபி இறங்கவே முக்கால் மணி நேரம். சுருக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, லேப்டாப் நன்றாகச் சூடேறிவிட்டது. வந்த கோப்பு 640 எம்பி! கறுப்பு, நீல எழுத்து தெளிவாக இருக்கிறது, அடுக்குக்குறியும் தெரிகிறது. சிவப்பு மார்க்கரில் எழுதியது மட்டும் ஓரத்தில் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது.

எஸ்பி பட்டறை:
நல்லது. சிவப்பு மங்குவது எதிர்பார்த்ததுதான், நிறத்தை வீடியோ பாதி நுணுக்கத்தில்தான் வைத்திருக்கும். 26ஐ 23 ஆக்கிப் பாருங்கள், கோப்பு கொஞ்சம் பெரியதாகும்.

640 எம்பி என்றே வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 815உம் 640உம் சேர்த்து 1.5 ஜிபிக்கும் குறைவு. கைப்பேசியில் காலியாக உள்ள 11 ஜிபியில் நான்கை அப்படியே விட்டுவிடுங்கள், முழுதாக நிரப்பினால் கைப்பேசி மந்தமாகும். மீதி 7 ஜிபியில் நான்கு வாரப் பாடம் தாராளமாக அடங்கும். பார்த்து முடித்ததை அழித்து, ஞாயிறுதோறும் புதியதை ஏற்றிக்கொள்ளலாம். கார்டே வேண்டாம், சிம்மும் தப்பித்தது.

24 வாரமும் சேர்ந்தால் 35 ஜிபி. பரீட்சைக்கு முன் எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்க வேண்டுமென்றால், கைப்பேசியில் நேராகச் செருகும் 64 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். உங்கள் சார்ஜர் வாய் எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள். நாத்தனார் லேப்டாப்பில் இன்னொரு பிரதி இருக்கட்டும்.

பெரிய மோட்டார்:
அவர்களிடம்தான் 32 ஜிபி கார்டு இருக்கிறதே. கார்டு ரீடரில் போட்டுக் கைப்பேசியில் செருகினால் சிம் இடமும் வேண்டாம், காசும் மிச்சம்.

எஸ்பி பட்டறை:
நல்ல யோசனைதான் அண்ணே. சுருக்கிய கோப்பு 4 ஜிபிக்குள் இருப்பதால் FAT32 தடையும் இல்லை. ஆனால் 32 ஜிபி கார்டில் விண்டோஸ் கணக்கில் கிடைப்பது 29.8, தேவை 35. நான்கு வாரப் பாடம் வெளியே நிற்கும்.

லயத்துவீடு:
மகன் வரலாற்றை ஒலியாக மட்டும் எடுத்துவைக்கலாம் என்கிறான். ஸ்லைடில் இருப்பது பாடநூலிலும் இருக்கிறதாம். 280 எம்பி ஒலியாக எவ்வளவு ஆகும்?

கணக்குப்பிள்ளை:
அக்கா, 64 கேபிபிஎஸ் ஒலி என்றால் 90 நிமிடத்துக்கு 43 எம்பி. 24 வகுப்பும் சேர்ந்து 1 ஜிபிதான். வரலாறு வீடியோ 6.7 ஜிபி எடுத்துக்கொண்டிருந்தது. மொத்தம் 29.3 ஆகிவிடும், கார்டில் அடங்கும். இந்த முறை கோப்பின் அளவை வைத்துத்தான் போட்டேன்.

எஸ்பி பட்டறை:
கணக்கு சரி தம்பி. ஆனால் அரை ஜிபிதான் மிச்சம். அக்கா சிவப்பு எழுத்துக்காக 23 வைத்தால் கூடுதல் கணிதம் பெருத்து அந்த அரை ஜிபி போய்விடும். அக்கா, 23இல் ஒரு கோப்பு சுருக்கிப் பார்த்து அளவைச் சொல்லுங்கள்.

லயத்துவீடு:
அடுத்த ஞாயிறுதான் முடியும். இந்த வாரம் நாத்தனார் வீட்டில் விசேஷம்.